தழும்பு தானா அழியிறதில்லை

"அது தானா அப்பிடித்தான் வரும் தங்கச்சி. நாங்கள் ஒண்டும் செய்யேல்லை." இந்த ஒரு வசனத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

சொன்னவர் ஒரு ஸ்ரூடியோவில் வேலை செய்கிற டிசைனர். கெட்ட மனிசன் இல்லை. கேட்டவ எங்கட குழுவில் இருக்கிற தோழி. பட்டமளிப்புக்குப் பிறகு ஒரு 'ஏஐ அல்பம்' செய்யக் கொடுத்திருந்தா. இப்ப ஊரில எல்லா இடமும் இருக்கிற விசயந்தான்: உங்கட ஐந்தாறு போட்டோவைக் கொடுத்தால், நீங்கள் நிற்காத இடத்தில், உடுத்தாத உடுப்போடு, இருபது படம் வரும். அவவுக்கும் வந்தது. முகம் அவவின்ர முகந்தான், சிரிப்பும் அவவின்ர சிரிப்புத்தான். ஆனால் இடது கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் விரல் மொழிகளிலும் இருக்கிற வெண்புள்ளி ஒன்றும் இல்லை. வலது புருவத்தை இரண்டாய்ப் பிரிக்கிற தழும்பும் இல்லை. அது 2009இல், பதினொரு வயதில், செல் துண்டு பட்டு வந்தது.

அவ அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. "இது ஆர்?" என்று மட்டும் கேட்டா. அதற்கு வந்த பதில்தான் மேலே இருப்பது.

'தானா' எதுவும் நடக்கிறதில்லை. எங்கே, எந்தப் படியில், எதனால் அந்தப் புள்ளிகள் போகின்றன என்பதை ஒருக்கால் பார்த்தால், அது யாரோ எடுத்த முடிவுகளின் வரிசை என்பது விளங்கும். அதில் கடைசி முடிவுகள் ஸ்ரூடியோக் கதிரையிலேயே எடுக்கப்படுகின்றன.

ஒரு போட்டோவைக் காட்டி 'இந்த ஆளை வரை' என்று கேட்கும் முறைகளில் மலிவானதும் வேகமானதும், முகத்தை எண்களாக மாற்றுவது. போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி, முகம் அடையாளம் காணுகிற ஒரு மொடலுக்குக் கொடுப்பார்கள். அது 512 எண்களைத் திருப்பித் தரும். படம் வரைகிற மொடல் பல நேரம் உங்கட போட்டோவை உள்ளபடி பார்ப்பதே இல்லை. அந்த எண்களைத்தான் பார்க்கிறது. அந்த முகம் அறியும் மொடல்களுக்குக் கொடுக்கிற துண்டு வழமையாக 112க்கு 112 புள்ளிதான். ஒரு முகத்தின் அகலம் அதற்குள் அடங்கினால், ஐந்து மில்லிமீற்றர் மச்சத்துக்குக் கிடைப்பது நாலு புள்ளி அளவு. அதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. பெரிய பிரச்சினை, அந்த மொடலுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். வெளிச்சம் மாறினாலும், மேக்கப் போட்டாலும், பரு வந்தாலும், வயது கூடினாலும் இது அதே ஆள் என்று சொல்லப் பழக்கப்பட்ட மொடல் அது. ஆகவே தோலின் மேல் இருக்கிறதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் அதன் கெட்டித்தனம். எலும்பின் அமைப்பு, கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலான தூரம், இவைதான் அதற்கு ஆள். எங்கட சனம் 'புருவத்தில வெட்டு இருக்குமே, அந்தப் பிள்ளை' என்று அடையாளம் சொல்லும். இந்த மொடலுக்கு அடையாளம் என்பது அந்த வெட்டைக் கழித்த மிச்சம்.

இரண்டாவது இடம், படத்தின் அளவு. இந்த மொடல்களில் மிகப் பரவலானவை படத்தை நேரடியாக வரைவதில்லை. எட்டுக்கு எட்டுப் புள்ளிகளை ஒரு கட்டமாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்திலே வேலை செய்து, கடைசியில் விரிக்கின்றன. 1024 புள்ளி உயரமான படத்தில் ஒருவர் தலை முதல் கால் வரை நின்றால், தலைக்குக் கிடைப்பது 140 புள்ளி அளவு. எங்கட தோழியின் தழும்பு இரண்டு சென்ரிமீற்றர் நீளம், அகலம் மூன்று மில்லிமீற்றர்கூட இல்லை. அந்தப் படத்தில் அது பதின்மூன்று புள்ளி நீளமும் இரண்டு புள்ளி அகலமுமான கோடு. ஒரு கட்டத்தின் அகலத்தைக்கூட நிரப்பாது. சேலை, மாலை, பின்னால் கடல், முழு உருவம் என்று பக்கேஜ் விற்கிறவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும். முகம் பெரிதாக வராத படத்தில் தழும்பு தங்காது.

மூன்றாவது இடத்தில்தான் எங்களுக்குக் கோபம் வருகிறது. வேண்டாததை எழுதுகிற பெட்டி ஒன்று பல கருவிகளில் இருக்கிறது, `negative prompt` என்று. அதில் போட ஒரு பட்டியலை ஆளுக்காள் கொப்பி பண்ணி வைத்திருக்கிறார்கள். நாங்கள் கண்டவற்றில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் இவை:

```
scar, mole, skin blemishes, uneven skin tone, disfigured, ugly
```

தமிழில் வாசித்துப் பாருங்கோ. தழும்பு, மச்சம், தோல் மாசு, சீரில்லாத தோல்நிறம், உருக்குலைந்தது, அசிங்கம். ஒரே மூச்சில், ஒரே கமாவில். எங்கட தோழியின் முகத்தில் இருக்கிற எல்லாம் 'அசிங்கம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கட்டப்பட்டிருக்கிறது. இதை அந்த டிசைனர் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுவம். ஆனால் ஒட்டியது அவர்தானே?

நாலாவது, கடைசியில் ஓடவிடுகிற 'முகம் தெளிவாக்கும்' கருவி. `GFPGAN`, `CodeFormer` போன்றவை. மங்கலான முகத்தைக் கொடுத்தால் கண்ணாடி மாதிரித் தெளிவாகத் திருப்பித் தரும். அவை 70,000 முகங்கள் கொண்ட ஒரு தொகுப்பில் பழக்கப்பட்டவை. மங்கலான இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று அந்த முகங்களை வைத்து ஊகிக்கின்றன. ஊகிக்கிற கருவிக்கு, உதட்டோரத்தில் இருக்கிற வெள்ளைத் திட்டு பழுதான பிக்சல் மாதிரித் தெரியும். திருத்திவிடும். முதல் மூன்று இடத்திலும் தப்பி வந்த அடையாளம் இந்த இடத்தில் சாகும். `CodeFormer` இல் ஒரு எண் இருக்கிறது, 0 முதல் 1 வரை. கூட்டினால் கொடுத்த முகத்துக்குக் கிட்ட நிற்கும், குறைத்தால் தன் விருப்பத்துக்கு அழகாக்கும். அந்த எண்ணை யாரோ தொடுகிறார்கள், அல்லது தொடாமல் விடுகிறார்கள். இரண்டும் முடிவுதான்.

(இதே வழியால் தோலின் நிறமும் இரண்டு மூன்று படி வெளிறி வருகிறது. அது வேற கட்டுரை. எழுதுவம்.)

சரி, செய்ய முடியுமா? செய்து பார்த்தோம். அவவும் பக்கத்தில் இருந்தா. முகத்தை எண்ணாக்கும் வழியை விட்டுவிட்டு, ஒரு ஆளின் படங்களை வைத்து மொடலுக்கு மேலதிகமாகப் பழக்குகிற சின்னக் கோப்பு ஒன்றைச் செய்தோம். லோரா என்பார்கள். அதற்குப் பதினெட்டுப் போட்டோ எடுத்தோம். காலை வெளிச்சத்தில், யன்னலுக்குப் பக்கத்தில், பின்கமெராவால், 'பியூட்டி' தெரிவை நிற்பாட்டிவிட்டு. இதைச் சொல்லக் காரணம், சில போன்களில் முகத்தை மெழுகுகிற அந்தத் தெரிவு வாங்கும்போதே திறந்திருக்கும். மூலப்படத்திலேயே அழிந்ததை எந்த மொடலாலும் திருப்பித் தர ஏலாது. பாதிக்கு மேற்பட்டவை முகம் நிரம்பிய படங்கள். நாலு படம் கைகளுக்கு மட்டும்.

இரண்டு இடங்களில் எல்லாரும் வழுக்குகிறார்கள். ஒன்று, பழக்கும்போது படங்களை இடவலமாகத் திருப்பியும் காட்டுகிற `flip_aug` என்ற தெரிவு. படம் குறைவாக இருந்தால் உதவும் என்று போடச் சொல்லுவார்கள். போட்டால் இடது கண்ணில் இருக்கிற திட்டு வலது கண்ணிலும் வரும், அல்லது இரண்டிலும் அரைகுறையாக வரும். சில போன்களின் செல்பியும் கண்ணாடி மாதிரித் திரும்பியே சேமிக்கப்படும். ஆகவே ஒரு தாளில் முகம் கீறி, அவவின்ர இடது எது, வலது எது, எங்கே எத்தனை திட்டு என்று குறித்து வைத்தோம். கடைசிவரை உதவியது அந்தத் தாள்தான்.

மற்றது, படத்துக்குப் படம் எழுதுகிற விளக்கக் குறிப்பு. இதில் ஒரு தலைகீழான விசயம் இருக்கிறது. குறிப்பில் எதை எழுதுகிறோமோ, அதை மொடல் 'மாறக்கூடிய சங்கதி' என்று பிரித்து வைக்கப் பார்க்கும். எழுதாமல் விடுவது அந்த ஆளின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். நீலச் சட்டை, யன்னல், சிரிப்பு என்று எழுதினோம். வெண்புள்ளி, தழும்பு என்று எழுதவில்லை. பாசத்தில் எழுதத்தான் மனம் வரும். ஆனால் எழுதினால் அது சட்டை மாதிரிக் கழற்றக்கூடியதாகிவிடும்.

படம் கேட்கும்போது `vitiligo` என்று எழுதினால் வராதா என்று நிறையப்பேர் கேட்கிறார்கள். வரும். ஏதோ ஒரு வெண்புள்ளி வரும். பெரும்பாலும் இரண்டு கண்ணையும் சுற்றி, வாயைச் சுற்றி, அளவெடுத்துக் கீறினது மாதிரி, பத்திரிகை அட்டைக்கு ஏற்ற வடிவாய். உண்மையில் பலருக்கு இரண்டு பக்கமும் ஒத்த இடங்களில்தான் வரும், ஆனால் ஒரு பக்கத்தோடு நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கட தோழியின் முகம் அப்பிடி. நிறமிக் கலங்கள் எங்கெங்கே இல்லாமல் போனதோ அதுதான் அந்த ஆளின் வரைபடம். இன்னொருவரின் வரைபடத்தை அவவின் முகத்தில் ஒட்டுவது அழிக்கிறதைவிட மரியாதையான வேலை என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

வந்த படங்களை எப்படிச் சரிபார்ப்பது? மூலப்போட்டோவையும் புதிய படத்தையும் ஒரே அளவில் முகம் மட்டும் வெட்டிப் பக்கத்தில் வைத்து, தாளைப் பார்த்து எண்ணினோம். எத்தனை, எந்தப் பக்கம், எந்த வடிவம். பிறகு விளிம்பு. அவவின்ர திட்டுகளுக்கு விளிம்பு தெளிவாக வெட்டினது மாதிரி இருக்கும். மொடல் அதைக் கரைத்து, கன்னத்தில் வெயில் விழுந்தது போல ஆக்கப் பார்க்கும். சின்னப் படத்தில் 'இருக்குது' என்று தோன்றும், பெருப்பித்தால் அது வெளிச்சம். வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும். பின்னேர மஞ்சள் வெயிலில் நிற்கிற படத்தில் திட்டும் மஞ்சளாகத்தான் தெரிய வேணும். சுண்ணாம்பு பூசினது மாதிரி வெள்ளையாய் இருந்தால் அது பிழை.

பன்னிரண்டு படத்தில் ஐந்துதான் அப்படியே தேறியது. மூன்றில் புருவத் தழும்பை, மூலப்போட்டோவிலிருந்து வெட்டி எடுத்துக் கையால் பொருத்தினோம். மொடலால் ஏலாத இடம் அதுதான், அதை மறைக்கத் தேவையில்லை. மிச்சம் நாலையும் எறிந்தோம். விரல் மொழிகளில் இருக்கிற திட்டுகள் ஒழுங்காக வந்தது ஒரேயொரு படத்தில். விரல்களையே ஒழுங்காக வரையத் தடுமாறுகிற மொடலிடம் மொழியைக் கேட்கிறோம், என்ன செய்யிறது.

இதுவரை வாசித்து 'ஓம், இயற்கை அழகைக் காப்பாற்றுங்கோ' என்று தலையாட்டுகிற தோழர்களோடும் எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

எல்லாம் பொருத்தி முடிந்த பிறகு அவ ஒரு படத்தைக் காட்டி, "இதில புருவத்தில இருக்கிறதக் கொஞ்சம் குறைச்சு விடுவீங்களோ?" என்று கேட்டா. வெண்புள்ளியை இல்லை. அது அப்படியே இருக்கட்டும் என்றா. தழும்பை. எங்களுக்குள்ளேயே ஒரு தோழர் உடனே மறித்தார். அது போரின் சாட்சி, அதை மங்கலாக்கிறது எங்கட வரலாற்றை நாங்களே அழிக்கிறது மாதிரி என்றார். அவ சொன்னது ஒரு வசனந்தான்: "வேலைக்குப் போற இடத்தில படத்தைப் பாத்திட்டு எங்க பட்டது எண்டு கேப்பினம். எனக்கு ஒவ்வொரு நாளும் சொல்ல ஏலாது."

அந்தத் தோழர் பேசியதை இங்கே எழுதுவதற்குக் காரணம், அந்தக் கதை அவரோடு நிற்பதில்லை. முற்போக்காய் எழுதுகிற எங்கட வட்டம் முழுக்க அந்தக் கதை இருக்கிறது. வெண்புள்ளியைக் கண்டு 'கலியாணம் பேச ஏலாது, அழியுங்கோ' என்று மாமிமார் சொல்லுவதும், தழும்பைக் கண்டு 'வரலாறு, தொடாதே' என்று தோழர்மார் சொல்லுவதும் வேறு வேறு கதை மாதிரித் தெரியும். இரண்டிலும் அந்தத் தோலுக்குச் சொந்தக்காரி வாய் திறக்கவில்லை. அவவின்ர புருவம் எங்கட ஆவணக் காப்பகம் இல்லை.

ஆகவே குறைத்தோம். எப்படி என்பதும் முக்கியம். மொடலிடம் 'தழும்பில்லாமல் வரை' என்று திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் அது தழும்போடு வெண்புள்ளியையும் தோலின் நுண்துளைகளையும் சேர்த்து வழித்துவிடும். ஒன்றை மட்டும் எடு என்றால் அதற்கு விளங்காது. அடையாளங்கள் எல்லாம் சரியாக இருக்கிற படத்தை அடியில் வைத்து, தழும்பின் மேல் மட்டும் ஒரு தனிப் படலம் போட்டு, தோலுக்கும் தழும்புக்கும் இடையிலான நிற வித்தியாசத்தைக் குறைத்தோம். வடிவம் அப்படியே இருக்கிறது, புருவத்தில் மயிர் இல்லாத கோடும் இருக்கிறது, மினுக்கம் மட்டும் போய்விட்டது. எவ்வளவு என்பதை நாங்கள் சொல்லவில்லை. படலத்தின் அளவை முப்பது, ஐம்பது, எழுபது என்று வைத்துக் காட்டினோம். அவ நாற்பதில் நிற்பாட்டச் சொன்னா. அந்தப் படம் வேலை விண்ணப்பத்துக்கு மட்டும். வீட்டில் மாட்டுகிற படத்தில் தழும்பு முழுதாக இருக்கிறது. ஏன் அங்கே இருக்கிறது, இங்கே இல்லை என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த வருசம் வந்து 'அதையும் திருப்பிப் போடுங்கோ' என்றால், படலத்தை எடுத்துவிட்டால் போதும்.

ஸ்ரூடியோக்காரரோடு எங்கட வழக்கு இந்த இடத்தில்தான். தழும்பை மென்மையாக்குவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் மென்மையாக்குவது ஒருவரின் விருப்பமாக இருக்க வேண்டுமென்றால், முதலில் அது படத்தில் இருக்க வேண்டும். இல்லாததை எவ்வளவு குறைக்கிறது? வந்த முதல் படத்திலேயே எல்லாம் வழித்துத் துடைக்கப்பட்டிருந்தால், ஒரு பெட்டை எழும்பி 'என்ர வெண்புள்ளியைத் திருப்பித் தாங்கோ' என்று கடையில், நாலு பேருக்கு முன்னால் கேட்க வேண்டி வருகிறது. குறைக்கச் சொல்லிக் கேட்பது லேசு. திருப்பித் தரச் சொல்லிக் கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அதனால்தான் வைத்திருப்பது வழமையாகவும் குறைப்பது கேட்டுச் செய்வதாகவும் இருக்க வேண்டும் என்கிறோம். பருவும் கீறலும் வேறு, அவை அடுத்த கிழமை இருக்காது. அதையும் கேட்டுவிட்டே எடுங்கோ, ஆனால் அதற்கு நாங்கள் சண்டைக்கு வரமாட்டோம்.

யாரிடம் கேட்பது என்பதும் இருக்கிறது. காசு கட்டுகிறவரிடம் இல்லை. பூப்புனித நீராட்டு அல்பத்துக்குத் தாய் வந்து 'பிள்ளையின்ர கன்னத்து மறுவை எடுத்துவிடுங்கோ' என்றால், பிள்ளை பக்கத்தில்தானே நிற்கிறா, அவவைப் பார்த்து ஒருக்கால் கேட்கலாம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படமென்றாலும் அதே.

கேட்க முடியாத ஆட்களும் இருக்கிறார்கள். வடக்குக் கிழக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து, அவர்கள் மடியில் இருப்பது படங்கள். மங்கிய ஸ்ரூடியோப் படம், அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது, கலியாண வீட்டுக் கூட்டத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு தலை. இப்போது பெடியள் நல்ல மனத்தோடு அவற்றை வாங்கி 'தெளிவாக்கி' நிறம் போட்டுக் கொடுக்கிறார்கள். பளிச்சென்று வருகிறது. ஆனால் மேலே சொன்ன நாலாவது இடத்தை நினையுங்கோ: தெளிவாகத் தெரிகிறதில் பாதி, எங்கேயோ இருக்கிற மற்றவர்களின் முகங்களிலிருந்து வந்த ஊகம். நாடிக்குக் கீழே இருந்த மச்சம் கறையென்று போயிருக்கும். கறையாக இருந்தது மச்சமாகவும் ஆகியிருக்கலாம். அந்த ஆள் வந்து 'இதை எடுங்கோ, அதை விடுங்கோ' என்று சொல்ல முடியாத படம் அது. அதில் எதையும் மென்மையாக்க எவருக்கும் உரிமை இல்லை, தாய்க்குச் சந்தோசமாக இருக்கும் என்றாலும்கூட. மூலப்படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணுங்கோ, வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் மட்டும் திருத்துங்கோ, பெரிதாகப் பிரிண்ட் எடுங்கோ. மங்கலாய் இருந்தால் மங்கலாய் இருக்கட்டும். மொடலுக்குள் விடாதேங்கோ.

உயிரோடு கதிரையில் வந்து இருக்கிறவருக்கு இவ்வளவு கஷ்டமில்லை. ஓடர் எழுதுகிற துண்டில் இரண்டு வரி சேர்த்தால் போதும். முகத்திலோ கையிலோ அப்படியே இருக்க வேண்டிய அடையாளம் எது? குறைக்க விரும்புகிறது ஏதும் இருந்தால் எது, எந்தப் படத்தில், எவ்வளவு? 'உங்கட முகத்தில என்ன பிரச்சினை' என்று கேட்காமல், எல்லாரிடமும், முகம் துப்புரவாக இருக்கிறவரிடமும், ஒரே மாதிரிக் கேளுங்கோ. பிறகு கொப்பி பண்ணி வைத்திருக்கிற அந்தப் பட்டியலிலிருந்து முதல் நாலு சொல்லையும் எடுத்துவிடுங்கோ. முகம் பெரிதாக வருகிற படங்களைக் கூடச் செய்யுங்கோ. கொடுக்க முதல் பெருப்பித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ.

நேரம் கூடப் போகும் என்று சொல்லுவீங்கள். போகும், எங்களுக்கு ஒரு படத்துக்குக் கால் மணித்தியாலம் கூடப் போனது. அதுக்குக் காசு கேளுங்கோ, தருவம்.